அரங்கில் இல்லாதவரின் மெட்டு

வணக்கம்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். மூன்றாம் பருவத்தின் திருமண விருந்துக் காட்சியில், கத்தி வெளியே வரும் முன்பே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம் இசைதான் என்று தெரிகிறது, எப்படி என்று புரியவில்லை. ஒரு பாத்திரத்துக்கான மெட்டு எப்போது முடிவாகிறது? அதைக் காட்சியோடு நொடி பிசகாமல் எப்படிப் பொருத்துகிறார்கள்?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

அந்த மண்டபத்தில் லானிஸ்டர் குடும்பத்தவர் ஒருவர்கூட இல்லை. விருந்தளிப்பவர் வால்டர் ஃப்ரே. ஆனால் கதவு மூடப்பட்டதும் மாடத்து இசைஞர்கள் வாசிப்பது 'தி ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்', லானிஸ்டர்களின் பாட்டு. கொலைக்குப் பின்னால் இருப்பது யார் என்பதை வசனம் சில நிமிடங்கள் கழித்துத்தான் சொல்லும். மெட்டு முன்பே சொல்லிவிடுகிறது. காட்சியில் இருப்பவரை அறிவிப்பதைவிட, இல்லாதவரை உள்ளே கொண்டுவருவதுதான் ஒரு மெட்டு செய்யக்கூடிய பெரிய வேலை என்று நினைக்கிறேன். நாயகன் நுழையும்போதெல்லாம் அவனுடைய இசையை ஒலிக்கவிடும் தொடர்களில் மெட்டு வெறும் பெயர்ப்பலகையாகிவிடுகிறது.

அந்தப் பாட்டு அன்று திடீரென வந்ததல்ல. 2012இல் வெளியான இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியிலேயே லானிஸ்டர் குடும்பத்து டிரியன் அதைச் சீட்டியடித்தபடி அவைக்குள் நுழைகிறான். அதே பருவத்தில், போருக்கு முன் டிரியனின் கூலிவீரன் ப்ரோனும் மற்ற வீரர்களும் அதைப் பாடுகிறார்கள். நடிகர்கள் படப்பிடிப்பில் பாடவேண்டியிருந்ததால், இசையமைப்பாளர் ரமின் ஜவாதி இந்த மெட்டைப் படம்பிடிப்பதற்கு முன்பே எழுதவேண்டியிருந்தது. வரிகள் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் ஏற்கெனவே இருந்தவை. பிறகு அதே மெட்டு சொற்கள் இல்லாமல் பின்னணி இசையிலும் கலந்து அந்தக் குடும்பத்துக்கு உரியதாகிறது. விருந்துக்கு முந்தைய பகுதியில், லானிஸ்டர்களை எதிர்த்த ரெய்ன் குடும்பம் எப்படி அடியோடு அழிந்தது என்று டிரியனின் அக்கா செர்சி மார்ஜரியிடம் சொல்கிறாள். பாட்டின் பொருள் பார்வையாளர் மனத்தில் பதிந்து ஒரு பகுதிதான் ஆகியிருக்கிறது. அதனால்தான் விருந்தினராக வந்திருக்கும் கேட்லினின் முகம் மாறும் அதே கணத்தில் உங்களுக்கும் கலங்கியது.

இனி, பொருத்துவது. பின்னணி இசையின் பெரும்பகுதி படத்தொகுப்பு முடிந்த பிறகே எழுதப்படுகிறது. இயக்குநர் அல்லது தயாரிப்பாளர்களுடன் இசையமைப்பாளர் உட்கார்ந்து ஒரு பகுதி முழுவதையும் பார்ப்பார். இசை எங்கே தொடங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதைத் திரையில் ஓடும் டைம்கோடைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். இதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். இசை வேண்டாத இடங்களும் அங்கேதான் முடிவாகின்றன.

ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இசை தொடங்கி 18.5 நொடியில் ஒரு கதவு மூடுகிறது, மெட்டு அங்கே தொடங்கவேண்டும். காட்சிக்கு நிமிடத்துக்கு 72 தட்டு என்ற வேகம் பொருந்துகிறது. அந்த வேகத்தில் 23ஆவது தட்டு 18.33 நொடியில் விழும். கதவுக்கு நான்கு ஃபிரேம் முந்திவிட்டது. இசை இரண்டொரு ஃபிரேம் பிந்தினால் கண் மன்னித்துவிடும். முந்தினால், நடக்கப்போவதை இசையே காட்டிக்கொடுத்ததுபோல் இருக்கும். வேகத்தை 71.35 ஆகக் குறைத்தால் தட்டு சரியாகக் கதவின்மேல் விழுகிறது, வேகம் மாறியதைக் காது உணராது.

ஆனால் வேலை முடியவில்லை. நான்கு தட்டு கொண்ட சுற்றுகளில் 23ஆவது தட்டு ஆறாவது சுற்றின் நடுவில் வருகிறது. மெட்டு அங்கே பிறந்தால் வலுவில்லாமல் போகும். எனவே ஐந்து முழுச் சுற்றுகளுக்குப் பின் இரண்டு தட்டு மட்டுமே உள்ள ஒரு குறுஞ்சுற்றைச் சேர்ப்பார்கள். இப்போது 23ஆவது தட்டு புதிய சுற்றின் முதல் தட்டு. இந்தக் கணக்குப்படி ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக் டிராக்கைக் காதுக்கருவியில் கேட்டபடி இசைஞர்கள் வாசிப்பார்கள். பிறகு படத்தொகுப்பாளர் கதவுக்கு முன்னால் அரை நொடி வெட்டினால்கூட இந்தக் கணக்கை மறுபடி போடவேண்டும். வாரத்துக்கு ஒரு பகுதி முடிக்கவேண்டிய தொடர்களில் இசையமைப்பாளர்களை வாட்டுவது பெரும்பாலும் இதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் ஜவாதி செய்திருக்கிறார். 2016இல் வெளியான ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில், செர்சியின் விசாரணைக்கு எல்லோரும் கூடும் நீண்ட காட்சி பியானோவில் தொடங்குகிறது. அதுவரை அந்தத் தொடரின் பின்னணி இசையில் பியானோ ஒலித்ததே இல்லை. லானிஸ்டர் மெட்டைத் தொடக்கத்திலேயே வாசித்திருந்தால், கோவிலுக்கு வராத செர்சிதான் எதையோ செய்யப்போகிறாள் என்று நாம் உடனே கண்டுபிடித்திருப்போம். பியானோ இதுவரை யாருக்கும் உரியதாக இருந்ததில்லை. ஆகவே ஏதோ நடக்கப்போகிறது என்பது மட்டும் தெரிகிறது, யார், என்ன என்பது தெரிவதில்லை.