கொடைக்கு வில்லுப்பாட்டு பேசும்போது ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கேள்வி: எங்க ஊர் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழு பேசியிருக்கோம். சம்பளம், மைக்செட், ரத்து பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

பதில்: தொகையோடு வண்டிச் செலவும் சாப்பாடும் அதில் அடக்கமா என்பதையும் எழுதுங்கள். 40,000 ரூபாய் என்றால் முன்பணம் 10,000, வில் கட்டும் முன் 20,000, மீதி பாட்டு முடிந்ததும் யார் கையால் என்று பெயரோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில் பொருளாளரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

தகராறு அதிகம் வருவது மைக்செட்டில்தான். கமிட்டி வெறும் கூம்புக் குழாயைக் கட்டிவிட்டால் குடத்தின் அடிநாதம் வெளியே வராது. எனவே "மேடைக்குப் பாக்ஸ் ஸ்பீக்கர், ஐந்து மைக், ஜெனரேட்டர் கமிட்டி பொறுப்பு" என்று எழுதுங்கள். ஐந்து என்பது புலவர், பின்பாட்டு, குடம், உடுக்கை, ஆர்மோனியம். குடத்து மைக் ஸ்பீக்கரைப் பார்த்து இருந்தால் ஊளையிடும். ஒரு மணி நேரம் முன்பே சோதித்துவிட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் நேரத்தையும், போலீஸ் அனுமதி யார் வாங்குவது என்பதையும் சேருங்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் பல ஊர்க் கொடைகள் மோதும். கமிட்டி கடைசி நேரத்தில் கைவிட்டால் குழுவுக்கு வேறு ஊர் கிடைக்காது. 15 நாளுக்கு முன் சொன்னால் முன்பணம் மட்டும் போகும், பிறகு என்றால் பாதித் தொகை என்பது நியாயமான கணக்கு. குழு வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும். மழை, ஊரில் சாவு என்றால் ரத்து அல்ல, முன்பணத்தோடு மறுதேதி.