காதால் கேட்டதும் கண்ணால் கேட்டதும்

அன்புள்ள ஐயா,

நான் லீட்ஸில் நர்ஸ். ஊர் தென்காசி. இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், போன மாதம் ஓய்வு பெற்றார். 1970களின் தொடக்கத்தில் பார்படோஸிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். கேக் வெட்டியதும் நன்றி சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் இருபது நிமிடம் பேசினார். ‘நிஜமான நர்ஸை அனுப்பு’ என்ற நோயாளிகள், சிஸ்டரின் கருநீலச் சீருடையில் நின்றபோதே தரையைத் துடைக்கச் சொன்ன டாக்டர், விவரம் சொல்லாமல் தன்னை எஸ்.இ.என். என்ற கீழ்ப்படி நர்ஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு நோயாளியின் மகள் ஒரு வாரம் போனில் அவரோடு நன்றாகப் பேசியிருக்கிறார். நேரில் வந்து பார்த்ததும், ‘இங்கிலீஷ் ஒழுங்காகப் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டாராம். இதைச் சொன்னபோது பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள்.

விடைபெறும் நாளில் இது தேவையா? அப்புறம், ஆஸ்பத்திரியில் உச்சரிப்பு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்தானே? என் மேலாளர் என்னை ஆக்சென்ட் குறைக்கும் வகுப்புக்குப் போகச் சொல்கிறார். எல்லாவற்றையும் நிறவெறி என்று சொல்லிவிட முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மகளிடமிருந்தே தொடங்குகிறேன். ஒரு வாரம் போனில் புரிந்த ஆங்கிலம் நேரில் வந்ததும் புரியாமல் போயிருக்கிறது. குரல் அதேதான், போனில் தெரியாத முகம் ஒன்றுதான் புதிதாகச் சேர்ந்தது. உங்கள் சிஸ்டருக்கு ஆங்கிலம் பள்ளியில் மட்டும் படித்த மொழியும் அல்ல. பார்படோஸ் 1627 முதல் 1966 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த தீவு. அங்கே பள்ளி, சர்ச், நீதிமன்றம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வீட்டில் பேசுவது ஆங்கிலத்திலிருந்து கிளைத்த பேஜன் மொழி.

இதை ஒருவர் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்கு ஒரு சிறு விரிவுரையை ஒலிநாடாவில் போட்டார்கள். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அமெரிக்கப் பெண். பேசுபவர் இவர்தான் என்று சொல்லி ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் ‘வெளிநாட்டு உச்சரிப்பு’ என்றார்கள். ஒலிநாடாவில் அப்படி எதுவுமே இல்லை. அதோடு நிற்கவில்லை. கேட்டதைப் பற்றி வைத்த தேர்விலும் அவர்கள்தான் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அதாவது புரியவில்லை என்று அவர்கள் நடிக்கவில்லை, உண்மையிலேயே குறைவாகத்தான் புரிந்திருக்கிறது. அந்த மகளும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் பயமாக இருப்பது இதுதான்: பொய் சொல்கிறவரிடம் வாதாடலாம், காது அடைத்துப்போனவரிடம் எப்படி வாதாடுவது?

ஆனால் முகம் எப்போதும் காதைக் கெடுக்கும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், சீன உச்சரிப்பில் பேசிய ஆங்கிலத்தைச் சீன முகத்தோடு சேர்த்துக் கேட்டவர்கள் கூடுதலாகவே புரிந்துகொண்டார்கள். எதிர்பார்ப்பும் குரலும் ஒத்துப்போனால் கண் காதுக்கு உதவுகிறது, முரண்பட்டால் தடுக்கிறது. உங்கள் சிஸ்டர் விஷயத்தில் இரண்டும் முரண்பட்டன என்றே தோன்றுகிறது.

எஸ்.இ.என். கதையை உங்கள் தலைமுறை நர்ஸ்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அன்று பிரிட்டனில் நர்ஸ் ஆக இரண்டு வழிகள் இருந்தன. மூன்று வருடம் படித்தால் எஸ்.ஆர்.என்., அதாவது அரசுப் பதிவு பெற்ற நர்ஸ். இரண்டு வருடம் படித்தால் எஸ்.இ.என். உதவி நர்ஸ்களுக்கென 1943-ல் ஒரு சட்டம் தனிப் பட்டியல் உண்டாக்கியது. 1961-ல் ‘உதவி’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றினார்கள். வேலை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. மூன்று வருடப் படிப்புக்காரரை ‘ஸ்டூடன்ட்’ என்றும் இரண்டு வருடத்தாரை ‘பியூப்பில்’ என்றும் அழைத்தார்கள். பல ஆஸ்பத்திரிகளில் எஸ்.இ.என்.களுக்குப் பச்சைப் பட்டை. இடுப்புப் பட்டையின் நிறத்தை வைத்தே ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

எஸ்.இ.என். என்பது படுக்கையருகில் நிற்பதோடு சரி. ராத்திரி ஷிஃப்டில் வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொண்ட எஸ்.இ.என்.கள் உண்டு, ஆனால் சிஸ்டர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் போதாது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வந்த பெண்கள் பலர், மூன்று வருடப் படிப்புக்குத் தகுதி இருந்தும் இரண்டு வருடத்தில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதே சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் சிலருக்குத் தெரிந்தது. ஊர் திரும்பிவிடலாம் என்றால், பல நாடுகளில் எஸ்.இ.என். செல்லாது. பதினெட்டு வயதில் கப்பலோ விமானமோ ஏறி வந்த பெண்ணுக்கு மேலே போகவும் வழியில்லை, வீட்டுக்குப் போகவும் வழியில்லை. 1980களின் இறுதியில் தொடங்கி அந்தப் பயிற்சியையே படிப்படியாக நிறுத்தினார்கள். ஏற்கெனவே எஸ்.இ.என். ஆக இருந்தவர்கள் தனியாக மாற்றுப் பயிற்சி படித்துத்தான் முழுப் பதிவு பெற வேண்டியிருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, தினமும் செய்கிற வேலையையே மறுபடி பாடமாகப் படிப்பது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் சிஸ்டரிடம் ஒருநாள் கேளுங்கள்.

‘நிஜமான நர்ஸை அனுப்பு’ என்ற நோயாளி இதற்குப் பக்கத்தில் சாதாரண ஆள். அவர் போய்விடுவார், அடுத்த வாரம் அந்தப் படுக்கையில் வேறொருவர் இருப்பார். முகத்தைப் பார்த்து யாரோ ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவு சான்றிதழாக மாறினால், அது இருபது வருடம் கூடவே வரும்.

சரி, உங்கள் உச்சரிப்புக் கேள்விக்கு வருகிறேன். ஆம், உயிர் சம்பந்தப்பட்டதுதான். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் ஒரு நர்ஸ் ‘ஃபிஃப்டீன் யூனிட்’ இன்சுலின் என்கிறார். அடுத்தவர் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழுகிறது. மருந்துச் சீட்டைப் பார்க்காமல் ஊசி போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். ஆங்கிலேயர் இந்த இரண்டு சொல்லையும் அழுத்தத்தால் பிரிக்கிறார்கள். ஐம்பதில் முதல் அசை ஓங்கும், பதினைந்தில் இரண்டாவது அசை நீளும். தமிழ் வாய் இரண்டு அசைக்கும் ஒரே எடை கொடுக்கிறது. கடைசி ‘ன்’ ஒன்றுதான் மிச்சம், அதையும் முகக்கவசம் விழுங்கிவிடும். இன்னொன்று ‘ப’. சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இதை ஒரு மூச்சுக்காற்றோடு சொல்வார்கள், நாம் காற்றில்லாமல் சொல்கிறோம். காயத்தின் மேல் வைக்கிற ‘பேட்’ அவர்கள் காதில் ‘மோசம்’ என்று பொருள்படும் சொல்லாக விழலாம்.

ஆனால் லீட்ஸில் பிறந்த நர்ஸ் சொன்னாலும், இரைச்சலான வார்டில் பதினைந்து ஐம்பதாகும். அதனால்தான் ‘ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதும், கேட்டவர் எழுதிக்கொண்டு திருப்பி வாசிப்பதும் எல்லோருக்குமான பழக்கமாக இருக்க வேண்டும் என்கிறோம். மருந்து விஷயத்தில் காதை நம்பாமல் சீட்டைப் பார்ப்பது அதற்கும் மேல். உச்சரிப்பை மாற்ற வருடக்கணக்கில் ஆகலாம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வாரம் போதும், ஆபத்தைக் குறைப்பதும் இதுதான்.

உண்மையான உச்சரிப்புச் சிக்கலையும் மற்றதையும் எப்படிப் பிரிப்பது? நான் பார்த்தவரை, நிஜமாகவே புரியாதவர் சொல்லைக் கேட்பார்: ‘எவ்வளவு என்றீர்கள்? எந்த மருந்து?’ ஒருமுறை திருப்பிச் சொன்னாலோ எழுதிக் காட்டினாலோ தீர்ந்துவிடும். மற்றவர் ஆளை மாற்றச் சொல்வார். எந்தச் சொல் புரியவில்லை என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. உங்கள் வார்டில் கிளாஸ்கோக்கார டாக்டர் யாராவது இருந்தால் கவனித்துப் பாருங்கள். அவர் பேசுவதில் பாதி யாருக்கும் புரியாது, ஆனால் அவருக்குப் பதில் வேறு டாக்டரை யாரும் கேட்க மாட்டார்கள். ‘மறுபடி சொல்லுங்கள் டாக்டர்’ என்று சிரிப்பார்கள்.

உங்கள் மேலாளரிடமும் அதையே கேளுங்கள். எந்தச் சம்பவம், எந்தச் சொல்? எழுத்தில் கேட்டால் நல்லது. பேச்சுத் தேர்வும் சேர்ந்த ஆங்கிலத் தேர்வைத் தேறித்தானே பதிவு பெற்றிருப்பீர்கள்? அவர் இரண்டு மூன்று சொற்களைக் காட்டினால் தயங்காமல் திருத்திக்கொள்ளுங்கள். எண்களையும் அந்த ‘ப’வையும் நான் சொல்லியே விட்டேன். எதையும் காட்ட முடியாமல் ‘பொதுவாகவே’ என்றால் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

விடைபெறும் நாளில் தேவையா என்றால், வேறு எந்த நாளில்? வேலையில் இருக்கும்வரை பரிந்துரைக் கடிதம் வேண்டும், பதவி உயர்வு வேண்டும், அடுத்த மாத ஷிஃப்ட் பட்டியல் நியாயமாக வர வேண்டும். கேக் வெட்டிய பிறகுதான் இது எதுவும் வேண்டாம். தரையைப் பார்த்தவர்களில் சிலர் ஒரு தவறும் செய்யாதவர்களாக இருக்கலாம். இருபது நிமிடம் தர்மசங்கடப்பட்டால் அவர்களுக்கும் ஒன்றும் ஆகாது.

‘நிறவெறி’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் பித்தப்பை ஆபரேஷனுக்காகச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ராத்திரி டியூட்டிக்கு மணிப்பூர்ப் பெண் ஒருவர் வந்தார். ஏதோ கேட்டார், புரியவில்லை. மறுபடி கேட்டார், அப்போதும் புரியவில்லை. ‘நோ ஹிந்தி, இங்கிலீஷ் ப்ளீஸ்’ என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். கட்டை மாற்றிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார்: “வலி எப்படி இருக்குன்னு தமிழ்லதான தம்பி கேட்டுச்சு அந்தப் பொண்ணு?”