மறை அறிவு, வெளிப்படை அறிவு, கற்கும் நிறுவனம்: வினாடி வினாவில் பிரித்தறிவது எப்படி?

"அறிவு மேலாண்மை வினாடி வினாவில் மறை அறிவு, வெளிப்படை அறிவு, கற்கும் நிறுவனம் மூன்றும் குழப்புகின்றன. எப்படிப் பிரிப்பது?"

எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் அப்படியே பயன்படுத்த முடிவது வெளிப்படை அறிவு. கூட இருந்து செய்து பழகினால்தான் வருவது மறை அறிவு. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று இருக்கும்; அந்தத் தேவையான அளவு அம்மாவின் கையில் இருக்கிறது. கை உணர்ந்ததை முழுதாகச் சொல்லில் கொண்டுவர முடியாததே காரணம்.

பாடங்களில் அடிக்கடி வரும் உதாரணம், ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1985இல் செய்துகொண்டிருந்த வீட்டு ரொட்டி இயந்திரம். இயந்திரம் மாவைச் சரியாகப் பிசையவில்லை. மேலோடு கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பழகினார். அந்தக் கலைஞர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பொறியாளர்களோடு பல மாதங்கள் முயன்று, இயந்திரத்துக்குள் மேடான சிறு வரிகள் வைத்து அந்த அசைவைக் கொண்டுவந்தார்கள்.

சரி, வினாவில் கலைஞரின் கைப்பழக்கம் வந்தால் மறை அறிவு. இயந்திரத்தின் வடிவக் குறிப்பு என்றால் வெளிப்படை அறிவு. இப்படித் தெரிந்துகொண்டதை வைத்து ஒரு நிறுவனம் தன் வேலைமுறையையே தொடர்ந்து மாற்றிக்கொண்டால் அது கற்கும் நிறுவனம். அது அறிவின் வகை இல்லை, நிறுவனத்தின் குணம்.

அப்புறம், எழுதாமல் மனதில் இருப்பதெல்லாம் மறை அறிவு என்று குறிக்காதீர்கள்: மனப்பாடமான போன் நம்பரும் மனதில்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னவுடனே யாரும் குறித்துக்கொள்ளலாம்.