கம்பளியா போர்த்தினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. போன சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகள் இரண்டு பேரோடு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊமத்தை விதையை விழுங்கியிருக்கிறான். விடிய விடிய செத்துப்போன தாத்தாவோடு பேசினான், சட்டையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டே இருந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது, வியர்க்கவில்லை, கம்பளி போர்த்திப் படுக்க வைத்தோம். மானம் போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்தோம். இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், புத்தகம் படிக்க மட்டும் கண் மங்குகிறதாம். தாத்தாவுக்குப் பரிகாரம் செய்ய வேண்டுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாத்தாவை விடுங்கள், அம்மா. எனக்கு அந்தக் கம்பளியைப் பற்றிப் பேச வேண்டும்.

மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்று சொல்லும் ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற விஷங்கள் வேர் முதல் விதை வரை இருக்கின்றன. கேமரன் மலைப் பக்கம் தலைகீழாய்த் தொங்கும் பெரிய எக்காளப் பூவிலும் இதே விஷம்தான். வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் சேதியை இவை மறித்துவிடும். வியர்க்காத உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ள வழியில்லை. போதாததற்குப் பையன் எழுந்து எழுந்து ஓடி, கைகாலை உதறி, இன்னும் சூடேற்றிக்கொள்கிறான். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, பெனடால் கொடுத்தாலும் இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு நீங்கள் கம்பளி போர்த்தியிருக்கிறீர்கள். இந்த விஷத்தில் உயிர் போகும் வழிகளில் ஒன்று இந்தச் சூடுதான். பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

சட்டையைக் களைந்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து, காற்றாடியைப் போட்டுவிட்டு 999-ஐ அழைத்திருக்க வேண்டும். வாந்தி எடுக்க வைப்பதும், எலுமிச்சைச் சாறோ மோரோ புகட்டுவதும் கூடாது. புத்தி தடுமாறியவனுக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பவர்களும் உண்டு. பல சளி மருந்துகள் இதே சேதியை மறிப்பவைதான், எரிகிற அடுப்பில் விறகு வைத்த கதை.

பேயா விஷமா என்று பூசாரியைக் கேட்கவே வேண்டாம். கண்ணில் டார்ச் அடித்தால் கருமணி சுருங்காமல் அகலமாகவே நிற்கும். நாக்கு காய்ந்து ஒட்டும். முகம் சிவந்து, தோல் தொட்டால் சுடும், ஈரமே இருக்காது. சிறுநீரும் வராது. தொப்புளுக்குக் கீழே அடிவயிறு உப்பியிருந்தால் மூத்திரப்பை நிறைந்து நிற்கிறது என்று அர்த்தம். சில பையன்கள் கத்திப் புரளுவது பாதி அந்த வலியில்தான். இல்லாத ஆளோடு பேசுவதும், காற்றில் நூல் பிடுங்குவதும், இல்லாத சிகரெட்டை உதட்டில் வைத்து ஊதுவதும் இந்த விஷத்தின் அச்சு அசலான அடையாளங்கள். பார்ப்பதெல்லாம் பொய் என்ற நினைப்பே அவனுக்கு வராது, அதனால்தான் ரோட்டிலும் ஆற்றிலும் நடந்து போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கவனித்தபடி மயக்கமூட்டும் மருந்து கொடுப்பார்கள், சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள், தேவைப்பட்டால் பைசோஸ்டிக்மின் என்ற மாற்று மருந்தும் உண்டு.

'கொஞ்சம்தான் சாப்பிட்டேன்' என்று மகன் சொல்வான். நம்பாதீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்றில்லை, அந்த இரவு அவன் நினைவிலேயே பதிந்திருக்காது. அளவு தெரிந்தும் பயனில்லை. ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் விஷம் பல மடங்கு மாறும். விஷமே குடலின் ஓட்டத்தை மந்தமாக்குவதால் விதை உள்ளே தங்கி, மணிக்கணக்கில் விஷத்தைக் கசியவிடும். ஏறவில்லையே என்று பையன்கள் இன்னொரு பிடி விழுங்குவது அந்த இடைவெளியில்தான்.

கண் மங்கல், கிட்டப் பார்வைக்குக் குவிக்கும் தசை இன்னும் விடுபடாததால். ஒரு வாரம்கூட நீடிக்கலாம். அதுவரை மோட்டார் சைக்கிள் சாவி உங்கள் முந்தானையில் இருக்கட்டும். நாளை காலை கிளினிக்குக்குக் கூட்டிப்போய், ஊமத்தை விதை என்று வாயைத் திறந்து சொல்லி, சிறுநீரகத்துக்கும் தசைச் சிதைவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனால் காலைவரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஓடுங்கள்.

மானம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை எரியும்போது கதவைச் சாத்திக்கொள்வதற்கு என் அகராதியில் வேறு பெயர். உங்கள் கணவர் படித்தாலும் இதைத்தான் சொல்வேன்.

சிவனுக்குச் சாத்தும் பூதானே என்று அந்தக் கூட்டாளிகளின் வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தாய்மாருக்கும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் கம்பளி இருக்கும்.