ஸ்லைடில் இருக்கும் வட்டியைக் கையில் எடுத்துக் காட்டுவது எப்படி? – பயிற்றுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நிதிக் கல்வி வகுப்பு எடுக்கும் பயிற்றுநர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் வட்டியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பெரும்பாலும் வட்டியிலேயே நிற்கிறேன்.

கேள்வி: என்னிடம் கொடுத்திருக்கும் பவர்பாயிண்டில் நாற்பதுக்கு மேல் ஸ்லைடு இருக்கிறது. குழுக் கூட்டத்தில் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். எதை விடுவது?

ஒவ்வொரு ஸ்லைடையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கேட்ட அக்கா அடுத்த முறை கடன் வாங்கும்போதோ பணம் கட்டும்போதோ எதை மாற்றிச் செய்வார்? பதில் வராத ஸ்லைடுகள் எல்லாம் உங்கள் படிப்புக்கு. வரையறைகள், திட்டத்தின் வரலாறு, வட்ட வரைபடங்கள் இவை அந்த வகை. ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். முதல் கூட்டத்துக்கு நான் வட்டியை எடுப்பேன். குழுவில் எல்லாரும் ஏதோ ஒரு கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள், அதனால் காது தானாகத் திறந்திருக்கும்.

கேள்வி: "வங்கியில் 12 வட்டி, வீட்டுக்கு வந்து கொடுக்கிறவர் 5 வட்டிதானே கேட்கிறார்" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். எப்படிப் புரியவைப்பது?

அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இரண்டு அளவுகோலை ஒன்றாக நினைத்துவிட்டார், அவ்வளவுதான். ஸ்லைடு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுகிறது. ஊரில் வட்டி என்றாலே மாதத்துக்கு, நூற்றுக்கு. "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். நகைக் கடனுக்கு "முக்கால் வட்டி", "75 காசு வட்டி" என்பார்கள். அது ஆண்டுக்கு 9 சதவீதம்.

அதனால் சதவீதம் என்ற சொல்லையே முதல் வகுப்பில் எடுக்காதீர்கள். ஸ்லைடில் உள்ள எல்லா ஆண்டு வட்டியையும் 12-ஆல் வகுத்து, ஊர்ப்பேச்சுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். வங்கியின் 12, நூற்றுக்கு ஒரு ரூபாய். வீட்டுக்கு வருபவரின் 5, நூற்றுக்கு ஐந்து ரூபாய். இப்படிச் சொன்ன மறுநொடியே "அப்போ அஞ்சு மடங்கா?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். குழுவுக்குள் கொடுக்கும் உள்கடனுக்குப் பல குழுக்கள் வாங்கும் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதும் அப்போது தெரியவரும். அந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்த வட்டி குழுவின் பணமாகவே திரும்பி வருகிறது, வெளியே கட்டுவது வெளியே போகிறது.

கேள்வி: "நிலையான வட்டி", "குறையும் நிலுவை வட்டி" என்று ஸ்லைடில் இருப்பதை நாலு முறை விளக்கியும் யாருக்கும் பிடிபடவில்லை. ஏதாவது உதாரணம் சொல்லுங்கள்.

எனக்கும் இது நடந்தது. ஒரு கூட்டத்தில் ஸ்லைடில் இருந்தபடியே வாசித்துவிட்டு, "எது நல்லது?" என்று கேட்டேன். "நிலையானதுதான் நல்லது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நிலையான வருமானம், நிலையான வேலை என்று நல்லதற்கெல்லாம் அந்தச் சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்! தப்பு என் வாயில் இருந்தது. அன்றிலிருந்து நிலையான வட்டியை முழுத்தொகை வட்டி என்றும் குறையும் நிலுவை வட்டியை மீதித்தொகை வட்டி என்றும்தான் சொல்கிறேன். பெயரைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

பிறகு வாடகை நாற்காலி. விசேஷத்துக்குப் பத்து நாற்காலி வாடகைக்கு எடுக்கிறீர்கள். தினம் ஒன்றாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். பத்தாவது நாள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் கிடக்கிறது. கடைக்காரர் அன்றைக்கும் பத்து நாற்காலிக்கு வாடகை கேட்டால் கொடுப்பீர்களா? "எதுக்குக் கொடுக்கணும்?" என்று கோபமாகவே பதில் வரும். வட்டி என்பது பணத்துக்குக் கொடுக்கும் வாடகை. மீதமுள்ள பணத்துக்கு மட்டும் வாடகை கேட்டால் மீதித்தொகை வட்டி. திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்துக் கேட்டால் முழுத்தொகை வட்டி.

இதோடு நிறுத்தினால் கதையாகப் போய்விடும். கையில் கணக்கு வர வேண்டும். பத்து புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். கடன் 10,000, பத்து மாதம், நூற்றுக்கு இரண்டு. அப்படியென்றால் ஒரு கொட்டைக்கு மாதம் 20 ரூபாய் வட்டி. ஒரு அக்காவைக் கடன் வாங்கியவராகவும் இன்னொருவரைக் கொடுத்தவராகவும் எதிரெதிரே உட்காரவையுங்கள். முதல் மாதம் கையில் பத்து கொட்டை, வட்டி 200. ஒரு கொட்டையைக் கொடுத்தாயிற்று. இரண்டாம் மாதம் ஒன்பது கொட்டை, வட்டி 180. அடுத்து 160. ஒவ்வொரு முறையும் கொட்டையை நகர்த்துவதற்கு முன்னால் "இப்போ கையில் எத்தனை இருக்கு?" என்று கூட்டத்தைக் கேளுங்கள், எண்ணி அவர்களே சொல்லட்டும். கடைசி மாதம் ஒரு கொட்டை, 20 ரூபாய். எல்லாம் கூட்டினால் வட்டி 1,100.

அதே பத்து கொட்டையை மறுபடி எடுத்து முழுத்தொகை முறையில் நகர்த்துங்கள். இந்த முறை எத்தனை கொட்டை கையில் இருந்தாலும் வட்டி 200-தான். எட்டாவது மாதம் வரும்போது மூன்று கொட்டையை வைத்துக்கொண்டு 200 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். மொத்த வட்டி 2,000. இரண்டுமே "ரெண்டு வட்டி"தான், வித்தியாசம் 900 ரூபாய். மாதம் 1,200 கட்டும் இந்தக் கடனை மீதித்தொகை முறைக்கு மாற்றிப் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை வட்டி ஆகிறது.

இரண்டு எச்சரிக்கை. வங்கிகள் பெரும்பாலும் மாதா மாதம் ஒரே தொகை வருமாறு தவணை போடுவார்கள். அப்போது முதல் மாதங்களில் அசல் கொஞ்சம் மெதுவாகக் குறையும், மொத்த வட்டி 1,130 சொச்சம் வரும். யாராவது பாஸ்புக்கை நீட்டி "இங்கே வேற மாதிரி இருக்கே" என்றால் திணறாதீர்கள், காரணம் இதுதான். இரண்டாவது, முழுத்தொகை முறை என்றாலே ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். அந்த முறையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பத்து காசு கேட்டால் அதே 1,100 ரூபாய்தான் வரும். வட்டி வீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்க வேண்டும். இதுவரை அவர்கள் மனதில் பதிந்தால் அன்றைய வகுப்பு முடிந்தது.

கேள்வி: செயலாக்கக் கட்டணம், ஆண்டு சதவீத வீதம் பற்றிய ஸ்லைடை எப்படிச் சொல்வது?

வீதத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முயலாதீர்கள். இரண்டு தொகையை மட்டும் கேட்கப் பழக்குங்கள்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? 10,000 என்று கையெழுத்து வாங்கிவிட்டு, கட்டணம், காப்பீடு என்று 300 பிடித்தால் கைக்கு வருவது 9,700. மேலே சொன்ன மாதிரி 1,200 வீதம் பத்து தவணை கட்டினால் 12,000. ஆக அந்தக் கடனின் விலை 2,300 ரூபாய், 2,000 இல்லை. புளியங்கொட்டை விளையாட்டில் கொடுக்கும்போதே ஒரு கொட்டையைக் கிள்ளி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கொடுங்கள். யாரும் மறக்க மாட்டார்கள்.

கூடவே ஒரு உரிமையையும் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ தனி நபருக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவும் அடங்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "தமிழில் அந்தத் தாளைக் கொடுங்கள்" என்ற வாக்கியத்தை எல்லாரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். கவுண்டரில் நிற்கும்போது வாய் வருவதற்கு அது உதவும்.

கேள்வி: காப்பீட்டை மொய்க்கு ஒப்பிட்டேன். "அப்போ எங்க பணம் எப்போ திரும்பி வரும்?" என்று கேட்டு மடக்கிவிட்டார்கள்.

மடக்கியது அவர்கள் அல்ல, உதாரணம். மொய் வைத்தவருக்கு மொய் திரும்பி வர வேண்டும், அதுதான் அதன் வழக்கம். காப்பீட்டுக்கு ராத்திரிக் காவல்காரர் சம்பளம் பொருந்தும். வருடம் முழுக்கத் திருடன் வரவில்லை என்பதற்காகக் காவல்காரரிடம் சம்பளத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். மே கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இல்லாவிட்டால் காவல் நின்றுபோகும் என்று சொன்னால் அதுவும் அதே உதாரணத்துக்குள் அடங்கிவிடும். எந்த உதாரணத்தையும் கூட்டத்துக்கு முன்னால் ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது எங்கே உடையும் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு உறுப்பினர் அழுதுவிட்டார். அவர் கட்டிக்கொண்டிருக்கும் கடன் அதே மாதிரியானதாம்.

கூட்டத்தில் யாருடைய உண்மைக் கடனையும் கணக்குக்கு எடுக்காதீர்கள், அவரே முன்வந்தாலும். "பக்கத்து ஊரில் ஒரு அக்கா" என்று தொடங்குங்கள். அழுதவரிடம் அங்கேயே ஆறுதல் சொல்லி எல்லார் பார்வையையும் அவர் பக்கம் திருப்ப வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு தனியாக உட்கார்ந்து, இன்னும் எத்தனை தவணை பாக்கி, முன்கூட்டி முடித்தால் வட்டி குறையுமா என்று அவருடைய தாளைப் பாருங்கள். குறையும் என்றால், குழுவின் உள்கடனை வாங்கி அதை அடைப்பது லாபமா என்று கொட்டை வைத்தே பார்த்துவிடலாம். பல சமயம் லாபமாகவே இருக்கும். ஏழெட்டுத் தவணை முடிந்துவிட்ட கடன் என்றால் பெரிய மிச்சம் இருக்காது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே தலை ஆடும். தொகையை மாற்றிக் கொடுங்கள்: 8,000 ரூபாய், எட்டு மாதம், அதே ரெண்டு வட்டி. எட்டு கொட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மீதித்தொகை முறையில் 720, முழுத்தொகை முறையில் 1,280 வர வேண்டும். கூட்டலில் தப்பினால் கவலை இல்லை. ஆனால் இரண்டாம் மாதமும் எட்டு கொட்டைக்கு வட்டி போட்டுவிட்டு அதை மீதித்தொகை என்று சொன்னால் நாற்காலியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு வராதவர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார் அல்லவா, அவருக்கு நீங்கள் விளக்காதீர்கள். போன முறை வந்தவரைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சில சமயம் உங்கள் நாற்காலி அவர் வாயில் வாடகை சைக்கிளாகவோ சாமியானாப் பந்தலாகவோ மாறியிருக்கும். அடுத்த ஊருக்குப் போகும்போது அதையே எடுத்துக்கொண்டு போங்கள்.