59 டாலர் ஏன் 59 டாலரில் நிற்பதில்லை: கிக்ஸ்டார்ட்டர் பக்கத்தை வாசிப்பது எப்படி?

கேள்வி: கிக்ஸ்டார்ட்டரில் வெளிநாட்டு போர்டு கேம் ஒன்றுக்கு 59 டாலருக்கான பொருள் அடுக்கைத் தேர்ந்தெடுத்து, இந்திய கிரெடிட் கார்டு விவரமும் கொடுத்துவிட்டேன். மூன்று நாளாகியும் பணம் எடுக்கவில்லை. அந்த அடுக்கின் பெட்டியில் "Estimated delivery Mar 2027" என்று இருக்கிறது. ஷிப்பிங் பிறகு என்கிறார்கள். எப்போது, மொத்தம் எவ்வளவு போகும்? மார்ச் மாதம் கையில் கிடைக்குமா?

பதில்: பணம் எடுக்காதது கோளாறு இல்லை. கிக்ஸ்டார்ட்டர், பொருளைத் தயாரிக்கும் முன்பே ஆதரவாளர்களிடம் பணம் திரட்டும் தளம். அங்கே ஒரு திட்டம் அறிவித்த இலக்குத் தொகையை முழுதாக எட்டினால்தான் யாரிடமும் பணம் எடுப்பார்கள். ஒரு டாலர் குறைந்தாலும் எவர் கார்டிலும் கை வைக்க மாட்டார்கள். இப்போது நீங்கள் கொடுத்திருப்பது ஒப்புதல் மட்டும். கெடு முடிந்து, இலக்கும் எட்டியிருந்தால், அப்போதுதான் கார்டுக்குக் கட்டணம் போகும்.

ஆகவே பக்கத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது கெடு முடியும் நாளும் நேரமும். அதன் அருகில் எந்த நேர மண்டலம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். UTC என்று மட்டும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தியாவில் தேதியே மாறிவிடக்கூடும். அந்த நேரம் வரை "Manage your pledge" வழியாக அடுக்கை மாற்றலாம், முழுவதுமாக விலகவும் செய்யலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசி 24 மணி நேரத்தில் நீங்கள் விலகினால் திட்டம் இலக்குக்குக் கீழே இறங்கிவிடும் என்ற நிலை இருந்தால், விலக அனுமதி கிடைக்காது. மனம் மாறினால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

இந்திய கார்டுக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். கட்டணம் போகும் நொடியில் ஓடிபி போட நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. அதனால் வங்கி அதை மறுத்துவிடலாம். கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தாலும், அதற்கான வரம்பு குறைவாக இருந்தாலும் இதே கதிதான். மறுக்கப்பட்டால் கிக்ஸ்டார்ட்டர் மின்னஞ்சல் அனுப்பும்; சரிசெய்ய ஏழு நாள் தரும். அதற்குள் முடிக்காவிட்டால் உங்கள் ஆதரவு நீக்கப்படும், அடுக்கும் போய்விடும். கெடுவுக்கு முதல் நாளே வங்கிச் செயலியில் வெளிநாட்டு ஆன்லைன் வசதியைத் திறந்து, அடுத்த ஏழு நாளும் திறந்தே வையுங்கள். ஸ்பேம் பெட்டியையும் பார்த்து வாருங்கள்.

கெடு முடிந்தபின் சில பக்கங்களில் "Late pledge" என்ற பொத்தான் தோன்றும். அது வேறு கணக்கு. திட்டம் ஏற்கெனவே வென்றுவிட்டதால், அழுத்தியதும் பணம் போய்விடும்.

இனி அடுக்குப் பெட்டி. அதில் பெரிய எழுத்தில் தெரிவது விலை. ஆனால் வாசிக்க வேண்டியது கீழே உள்ள பொருள் பட்டியலும், எந்த நாடுகளுக்கு அனுப்புவார்கள் என்று சொல்லும் "Ships to" வரியும். பக்கத்தின் மேலே படத்தில் மினியேச்சர்கள், உலோகக் காசுகள் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். அவை 99 டாலர் அடுக்கில் மட்டும் இருக்கலாம். பெட்டிக்குள் பெயரும் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருப்பவைதான் உங்களுடையவை. தொகையைக் கூட்டிப் போட்டால் இரண்டு பிரதி வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி வராது, கூடுதல் தொகை நன்கொடையாகவே சேரும். இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் இரண்டு பிரதி உள்ள அடுக்கையோ, தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் பட்டியலில் இன்னொரு பிரதியையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஷிப்பிங்கை இரண்டு விதமாக வாங்குவார்கள். நாட்டைத் தேர்ந்ததும் மொத்தத்தில் ஒரு தொகை கூடினால், அது கெடு முடிவில் விலையோடு சேர்ந்தே போகும். தொகை கூடவில்லை என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்டு கேம்களில் பெரும்பாலும் பல மாதம் கழித்து, பெட்டியின் எடை தெரிந்தபின், "பிளெட்ஜ் மேனேஜர்" எனப்படும் தனிப் பக்கத்தில் முகவரியோடு அந்தக் கட்டணத்தை வாங்குவார்கள். அதைக் கட்டாவிட்டால் பொருள் கிளம்பாது. உங்கள் திட்டம் இந்த வகை. திட்ட விளக்கத்தின் கீழ்ப்பகுதியில் நாடுவாரியாக ஒரு உத்தேச அட்டவணை இருக்கும். இந்தியா பெயர் இல்லையென்றால் "Rest of World" வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அதிகமான தொகை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலர் 90 ரூபாய், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 59 டாலர் என்பது 5,310 ரூபாய். கட்டணமும் அதன் வரியும் சுமார் 219 சேர்ந்து, கெடு முடிவில் ஏறக்குறைய 5,530 போகும். அட்டவணையில் ஷிப்பிங் 24 டாலர் என்றிருந்தால், பின்னால் ஒருநாள் இன்னொரு 2,250. ஆக 7,780. பக்கத்தில் தெரியும் ரூபாய் மதிப்பு தோராயமானது. திட்டத்தின் நாணயத்தில்தான் கட்டணம் போகும், அன்றைய விகிதத்தை உங்கள் கார்டு தரப்பு முடிவு செய்யும்.

இதிலும் சுங்க வரி சேரவில்லை. சில நாடுகளுக்கு மட்டும் வரியைத் தாங்களே கட்டி அனுப்புவதாக எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லாவிட்டால், பெட்டி வந்து சேரும்போது கூரியர் நிறுவனம் சுங்க வரியையும் ஐஜிஎஸ்டியையும் உங்களிடம் கேட்கும். சுங்கத்துக்குப் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று அறிவித்து அனுப்புவார்கள் என்று கருத்துப் பகுதியில் கெடுவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். விலகும் வழி திறந்திருக்கும்போது கிடைக்கும் பதில்தான் உதவும்.

மார்ச் 2027 பற்றி. அது திட்டத்தைத் தொடங்கியவர் பக்கத்தை உருவாக்கும்போது போட்ட மதிப்பீடு. அச்சு தாமதமானாலும் கப்பல் தாமதமானாலும் பெட்டியில் உள்ள மாதம் தானாக மாறாது. புதிய தேதி "Updates" பகுதியில்தான் வரும். 2012இல் பெரும் வரவேற்பு பெற்ற பெபிள் கைக்கடிகாரம் ஒரு லட்சம் டாலர் கேட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. செப்டம்பர் 2012 என்று போட்டிருந்தார்கள். அனுப்பத் தொடங்கியது ஜனவரி 2013. சிறிய எண்ணிக்கைக்குப் போட்ட திட்டம் பல்லாயிரம் ஆனதும் தொழிற்சாலை முதல் பாகங்கள் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. 2014இல் 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டிய கூலஸ்ட் கூலர் நிறுவனம் 2019இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோருக்குப் பொருள் போய்ச் சேரவே இல்லை. இலக்கைப் போல நூறு மடங்கு பணம் சேர்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த மாதம் சிறிய எண்ணிக்கைக்காகப் போடப்பட்டது.

அடுக்குக்கு அடுக்கு மாதமும் வேறுபடும். அடிப்படை விளையாட்டு மார்ச், விரிவாக்கப் பெட்டி ஜூன் என்றிருக்க, இரண்டையும் ஒரே பார்சலாக அனுப்பும் திட்டத்தில் நீங்கள் விரிவாக்கத்தையும் சேர்த்தால், அடிப்படை விளையாட்டும் ஜூன் வரை காத்திருக்கும். ஆட்-ஆன் சேர்க்கும் முன் அதன் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

தேதியை நம்பலாமா என்று எடைபோட, "Risks and challenges" பகுதியைப் படியுங்கள். கலை வேலை முடிந்ததா, விதிமுறைகள் உறுதியானதா, அச்சகம் யார், உற்பத்திக்கும் கப்பலுக்கும் தனித்தனியாக எத்தனை மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தால், அந்த மாதத்துடன் மூன்று நான்கு மாதம் கூட்டி வைத்துக்கொள்ளலாம். "எதிர்பாராத தாமதங்கள் நேரலாம்" என்பதோடு நின்றுவிட்டால், தொடங்கியவரின் பெயரை அழுத்தி அவருடைய முந்தைய திட்டங்களைத் திறந்து, கடைசி அப்டேட்டின் தேதியையும் அதன்கீழ் ஆதரவாளர்கள் எழுதியிருப்பதையும் பாருங்கள். முந்தைய விளையாட்டே இன்னும் போய்ச் சேரவில்லை என்று அங்கே புலம்பல் இருந்தால், கெடு முடிவதற்குள் விலகிவிடுங்கள்.