நுவரெலியாவில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, பருப்பு மட்டும் ஏன் வேகவில்லை?

“கொழும்பில் அவியும் கடலைப்பருப்பு நுவரெலியாவில் இழுத்தடிக்கிறது. குக்கரில் மட்டும் எப்படி மசிகிறது?”

தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளும் அமுக்கத்துக்கு ஆவியமுக்கம் என்று பெயர். சூடு ஏற ஏற அதுவும் ஏறும். வெளியே அழுத்தும் காற்றின் அமுக்கத்தை அது எட்டும் வெப்பநிலைதான் கொதிநிலை. 138 பஸ்ஸில் மிதிபலகை நிறைய ஆள் நின்றால் இறங்க முண்ட வேண்டும். ஆள் குறைந்தால் சும்மா இறங்கிவிடலாம். குமிழிக்கும் அதே நிலைமைதான்.

சூட்டோடு ஆவியமுக்கம் ஏறுவதைக் காட்டும் கோடுதான் ஆவியமுக்க வளையி. கொழும்பில் காற்றமுக்கம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். வளையி அதைத் தொடுவது 100 பாகையில். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம். அங்கே அமுக்கம் 81 அளவில்தான், ஆகவே 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்புக்குக் கிடைப்பது அந்த 94 தான்.

சரி, குக்கர்? மூடி ஆவியை அடைத்து வைக்கிறது. விசில் குண்டு, வெளி அமுக்கத்துக்கு மேல் சுமார் 100 கிலோபாஸ்கல் சேரும்வரை அதை விடாது. கொழும்பில் மொத்தம் 201, அதாவது சுமார் 120 பாகை. நுவரெலியாவில் 181, சுமார் 117. மலையிலும் குக்கர் ஏறத்தாழ அதே வேலையைச் செய்வது இதனால்தான்.

அப்புறம், தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதி வந்த பிறகு கூட்டும் தீ தண்ணீரைத்தான் வற்றவைக்கும், வெப்பநிலை ஏறாது.